சாலையோரத்தில் நிரப்பப்படும் கட்டம்

கேள்வி: டெக்சாஸ் மாநிலத்தின் இர்விங் நகரில் வசிக்கிறோம். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எஃப்.பி.ஐ. கைது அட்டவணையையும், மாநில நெடுஞ்சாலைப் போலீஸ் நிறுத்திய வண்டிகளின் கணக்கையும் பகிர்ந்து, "இன்ன இனத்தார்தான் அதிகம் குற்றம் செய்கிறார்கள், அரசாங்கக் கணக்கே சொல்கிறது" என்று எழுதினார். கல்லூரியில் படிக்கும் என் மகன் இது தவறு என்கிறான். ஆனால் எங்கே தவறு என்று அவனால் சொல்ல முடியவில்லை. அரசுக் கணக்கை எப்படி மறுப்பது? நம்மைப் போன்றவர்களை அந்தக் கணக்கில் எங்கே வைக்கிறார்கள்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். குற்றவியல் புள்ளிவிவரங்களோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் டெக்சாஸில் இருப்பதால் விளக்குவது எளிது. இனக் குறியீடு எப்படித் தடம் புரளும் என்பதற்கு நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட உதாரணம் உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது.

நெடுஞ்சாலையில் ஒரு வண்டியை நிறுத்தும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டெக்சாஸில் 2001-ல் ஒரு சட்டம் வந்தது. இனத்தைப் பார்த்து வண்டிகளை நிறுத்துகிறார்களா என்று கண்காணிப்பதற்காக, நிறுத்தப்படும் ஓட்டுநரின் இனத்தைப் போலீசார் பதிவு செய்ய வேண்டும் என்றது அந்தச் சட்டம். நோக்கம் நல்லது. நடைமுறையில், அதிகாரி வண்டிக்குப் பின்னால் தன் காரை நிறுத்துகிறார், இறங்கி வருகிறார், ஓட்டுநர் உரிமத்தை வாங்குகிறார், திரும்பிப் போய்க் கணினியில் விவரங்களை ஏற்றுகிறார். எச்சரிக்கைச் சீட்டோ அபராதச் சீட்டோ தருகிறார். அந்தத் திரையில் இனம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. 2015 இறுதி வரை அதில் எதைப் போடுவது என்பது, ஓட்டுநரைக் கேட்காமல், அதிகாரி தன் கண்ணால் பார்த்து முடிவு செய்யும் விஷயமாக இருந்தது.

2015 நவம்பரில் ஆஸ்டின் நகரத்துத் தொலைக்காட்சி நிலையமான கே.எக்ஸ்.ஏ.என். இந்தப் பதிவுகளை மொத்தமாக வாங்கிப் பிரித்துப் பார்த்தது. மாநிலப் போலீசார் "வெள்ளையர்" என்று குறித்த ஓட்டுநர்களை மட்டும் எடுத்து, அவர்களின் குடும்பப் பெயர்களை எண்ணினார்கள். முதலிடத்தில் ஸ்மித் வந்தது. அதற்கு அடுத்து வந்தவை கார்சியா, மார்ட்டினெஸ், ஹெர்னாண்டெஸ், கோன்சாலெஸ், ரோட்ரிகெஸ். இவை ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் பூர்வீகம் கொண்ட ஹிஸ்பானிக் மக்களின் பெயர்கள் என்பதை டெக்சாஸில் வசிக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2010 முதல் அன்று வரையிலான பதிவுகளில், ஹிஸ்பானிக் மக்களிடம் வழக்கமாகக் காணப்படும் பெயர் கொண்ட 19 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் வெள்ளையர் என்று குறிக்கப்பட்டிருந்ததாக அந்த நிலையம் தெரிவித்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் சாண்ட்ரா பிளாண்ட் என்ற கறுப்பினப் பெண்ணை ஒரு மாநிலப் போலீஸ் அதிகாரி பிரெய்ரி வியூவில் நிறுத்திக் கைது செய்திருந்தார், பிளாண்ட் மூன்று நாளில் வாலர் கவுண்டிச் சிறையில் இறந்துபோனார். மாநிலமே இந்தப் பதிவுகளைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. செய்தி வந்த பிறகு, இனி ஓட்டுநரிடமே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று மாநிலப் போலீசுக்கு உத்தரவு போடப்பட்டது.

அந்த அதிகாரிகள் எல்லோரும் வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நெடுங்காலமாக இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருந்தன. நீங்கள் ஹிஸ்பானிக் பூர்வீகம் கொண்டவரா என்பது ஒன்று. உங்கள் இனம் எது என்பது இன்னொன்று. அந்தக் கணக்கெடுப்பில் ஒருவர் ஹிஸ்பானிக்காகவும் வெள்ளையராகவும் ஒருசேர இருக்க முடியும். போலீஸ் திரையிலோ இரண்டும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வெளிர் நிற முகமும் கார்சியா என்ற பெயரும் கொண்டவரை இரவு பத்து மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் பார்க்கிற அதிகாரி, இரண்டில் எதைத் தொட்டாலும் அது அவருடைய ஊகம். சிலர் வசதிக்காக வெள்ளையர் என்று தொட்டிருக்கலாம், சிலர் கேள்வி எழாமல் இருப்பதற்காகவும் தொட்டிருக்கலாம். கோப்பைப் பார்க்கிற என்னால் இந்த இருவரையும் பிரித்தறிய முடியாது. அதனால் வரும் சிக்கலைத்தான் அடுத்துச் சொல்ல வேண்டும்.

"இனம் கொஞ்சம் மாறிப் பதிவாகியிருக்கும், ஒட்டுமொத்தப் படம் சரியாகத்தான் இருக்கும்" என்று உங்கள் குழுவில் ஒருவர் சொல்லக்கூடும். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என்னுடையவை, உண்மைக் கோப்பிலிருந்து எடுத்தவை அல்ல. உங்கள் மகனிடம் காகிதமும் பென்சிலும் கொடுத்துக் கூடவே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு சாலையில் 1000 வண்டிகள் நிறுத்தப்பட்டன. உண்மையில் 600 பேர் வெள்ளையர், 400 பேர் ஹிஸ்பானிக். வெள்ளையரில் 18 பேரின் வண்டிகளைத் திறந்து சோதனை போட்டார்கள், அதாவது நூற்றுக்கு 3. ஹிஸ்பானிக் ஓட்டுநர்களில் 24 பேரைச் சோதித்தார்கள், நூற்றுக்கு 6. ஆக உண்மை நிலவரம் இரண்டு மடங்கு வித்தியாசம்.

இப்போது ஹிஸ்பானிக் 400 பேரில் 150 பேர் வெள்ளையர் என்று தவறாகக் குறிக்கப்பட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தப்பட்டவர்களில் ஹிஸ்பானிக் பங்கு நூற்றுக்கு 40-லிருந்து 25 ஆக இறங்கிவிடுகிறது. இது கண்ணுக்குத் தெரிகிற பிழை. சோதனை விகிதத்தில் நேர்வதை அப்படி எளிதில் பார்க்க முடியாது.

தவறு கண்மூடித்தனமாக, எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுந்திருந்தால், அந்த 150 பேரில் 9 பேர் சோதிக்கப்பட்டவர்களாக இருப்பார்கள். அப்போது கோப்பில் வெள்ளையர் 750 பேர், அவர்களில் சோதனை 27, நூற்றுக்கு 3.6. ஹிஸ்பானிக் 250 பேர், சோதனை 15, நூற்றுக்கு 6. இரண்டு மடங்காக இருந்த வித்தியாசம் ஒன்றே முக்கால் மடங்குக்கும் கீழே இறங்குகிறது.

வெறும் எச்சரிக்கையோடு அனுப்பப்பட்டவர்களிடம் மட்டும் அந்தக் கட்டம் அலட்சியமாக நிரப்பப்பட்டிருந்தால் வேறு கதை. சோதனை என்று வந்துவிட்டால் அதிகாரி நீண்ட அறிக்கை எழுத வேண்டும், பெயரையும் விவரத்தையும் கவனமாகப் பார்ப்பார். ஆகவே தவறாகக் குறிக்கப்பட்ட 150 பேரில் ஒருவரும் சோதிக்கப்பட்டவர் இல்லை என்று கொள்வோம். இப்போது வெள்ளையர் 750-ல் சோதனை 18, நூற்றுக்கு 2.4. ஹிஸ்பானிக் 250-ல் சோதனை 24, நூற்றுக்கு 9.6. நான்கு மடங்கு வித்தியாசம். இல்லாத அளவுக்குப் பாகுபாடு ஊதிப் பெருகித் தெரிகிறது.

மூன்றாவதாக, கேள்வி வரக்கூடிய நிறுத்தங்களை மறைப்பதற்காகவே குறி மாற்றப்பட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சோதிக்கப்பட்ட 24 ஹிஸ்பானிக் ஓட்டுநர்களில் 18 பேர் அந்த 150-க்குள் போய்விட்டார்கள். வெள்ளையர் 750-ல் சோதனை 36, நூற்றுக்கு 4.8. ஹிஸ்பானிக் 250-ல் சோதனை 6, நூற்றுக்கு 2.4. வெள்ளையரைத்தான் இரண்டு மடங்கு சோதிக்கிறார்கள் என்று கோப்பு சொல்லும்.

சாலையில் நடந்தது மூன்றிலும் ஒன்றேதான். தவறாகக் குறிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையும் 150 என்று ஒன்றே. அந்த 150 பேர் யார் என்பதைப் பொறுத்து முடிவு இரண்டு மடங்கிலிருந்து நான்கு மடங்குக்கும் போகிறது, தலைகீழாகவும் திரும்புகிறது. "எத்தனை பேர் தவறாகக் குறிக்கப்பட்டார்கள்" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தாலும் போதாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். எந்தச் சூழ்நிலையில் தவறு நேர்ந்தது என்று தெரிய வேண்டும். அது பெரும்பாலும் கோப்பில் இருக்காது.

இதைச் சரிசெய்ய ஆய்வாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை, ஒவ்வொரு குடும்பப் பெயரையும் கொண்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் தங்களை ஹிஸ்பானிக் என்று சொல்லிக்கொண்டார்கள் என்ற பட்டியலை வெளியிடுகிறது. கார்சியா என்ற பெயருக்கு அது தொண்ணூறு சதவீதத்துக்கு மேல். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு, நாடு முழுவதிலும் இருந்து ஏறத்தாழ பத்துக் கோடி நிறுத்தங்களின் பதிவுகளைத் திரட்டி 2020-ல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டது. டெக்சாஸ் கோப்பை அப்படியே நம்ப முடியாது என்று, அவர்கள் இந்தப் பெயர்ப் பட்டியலைக் கொண்டே இனக் குறியைத் திருத்தினார்கள். திருத்துவதற்கு முன்னும் பின்னும் ஹிஸ்பானிக் பங்கு கணிசமாக மாறியது.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. ஹிஸ்பானிக் கணவரை மணந்து அவருடைய பெயரை ஏற்ற வெள்ளையினப் பெண் ஹிஸ்பானிக் ஆகிவிடுவார். ஸ்பெயின் ஆட்சியின் காரணமாக ஸ்பானியப் பெயர் வாய்த்த பிலிப்பைன்ஸ்காரரும் அப்படியே. நம் தூத்துக்குடிக் கடற்கரையிலும் இலங்கையின் மன்னார், நீர்கொழும்புப் பக்கமும் போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து பெர்னாண்டோ, பெரைரா என்று பெயர் வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். ஹூஸ்டனில் வேலை பார்க்கும் ஒரு தூத்துக்குடிக்காரரைப் பெயரை மட்டும் வைத்து வகைப்படுத்தினால் அவர் எங்கே போய்ச் சேருவார் என்று சொல்ல முடியாது. லட்சக்கணக்கான பதிவுகளில் இது சிறு பிழையாகக் கரைந்துவிடும், ஒரு சிறிய ஊரின் கோப்பில் கரையாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் இங்கேயே வருகிறது. டெக்சாஸ் சட்டத்தில் 2017-க்கு முன் இருந்த பட்டியலில் மத்தியக் கிழக்குப் பூர்வீகம் என்று தனி வகை இருந்தது. 2017-க்குப் பிறகு வந்த பட்டியலில் ஐந்து வகைகள்தான்: அமெரிக்கப் பழங்குடியினரும் அலாஸ்காப் பூர்வகுடியினரும், ஆசியரும் பசிபிக் தீவினரும், கறுப்பினத்தவர், வெள்ளையர், ஹிஸ்பானிக் அல்லது லத்தினோ. நீங்களும் வியட்நாமியரும் சீனரும் சமோவாத் தீவுக்காரரும் ஒரே கட்டத்தில் இருக்கிறீர்கள். ஈரானியப் பூர்வீகம் கொண்ட உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்பு தனிக் கட்டம் இருந்தது, இன்று இல்லை, அவர் வெள்ளையர் கட்டத்துக்குள் போகக்கூடும். பட்டியல் மாறிய ஆண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோட்டில் வரைந்து "வெள்ளையர் நிறுத்தப்படுவது கூடியிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், மாறியது சாலையா கட்டமா என்று முதலில் கேட்க வேண்டும். ஓட்டுநரிடமே கேட்டுப் பதிவு செய்யும் முறை வரும்போதும் இதே நிலைதான். ஹிஸ்பானிக் எண்ணிக்கையில் திடீரென்று ஒரு படி எழும். அந்தப் படியைக் குற்றம் பெருகியதற்குச் சான்றாகக் காட்டுகிற விளக்கப்படங்களை நானே பார்த்திருக்கிறேன், கோபம் வருகிறது.

எஃப்.பி.ஐ. அட்டவணைக்கு வருவோம். அங்கே இனத்தைக் குறிப்பதில் உள்ள சிக்கலோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கைதானவர்களின் எண்ணிக்கைக்குக் கீழே எந்த மக்கள்தொகையை வைத்து வகுப்பது என்பது அது. 2019-ம் ஆண்டுக் கைது அட்டவணையில் கைதானவர்களில் ஏறத்தாழ 69 சதவீதம் வெள்ளையர். அந்த அட்டவணையில் ஹிஸ்பானிக் என்பது இன வகைகளில் ஒன்றாக இல்லை, தனியாக வேறு பத்தியில் கேட்கப்படுகிறது. அந்தப் பத்தியை எல்லாக் காவல்துறைகளும் நிரப்புவதும் இல்லை. ஆகவே ஹிஸ்பானிக் மக்களில் பெரும்பாலானோர் இந்த 69-க்குள்ளேயே இருக்கிறார்கள்.

அதே ஆண்டின் மக்கள்தொகை மதிப்பீட்டில், ஹிஸ்பானிக் வெள்ளையரையும் சேர்த்தால் நாட்டில் வெள்ளையர் 76 சதவீதம். அதோடு ஒப்பிட்டால் வெள்ளையர் தங்கள் பங்கைவிடக் குறைவாகவே கைதாகிறார்கள். ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையரை மட்டும் எடுத்தால் 60 சதவீதம். அதோடு ஒப்பிட்டால் அதே 69, தங்கள் பங்கைவிட அதிகம் கைதாகிறார்கள் என்று சொல்லும். சரியான ஒப்பீடு 76, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே வரையறை. ஆனால் இணையத்தில் "வெள்ளையர் 60 சதவீதம்" என்பதுதான் எளிதில் கிடைக்கும் எண். உங்கள் குழுவில் வந்த படத்தில் கீழே எந்த எண் வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அது சொல்லப்பட்டிருக்காது.

வரையறை பொருந்தினாலும், மக்கள்தொகை சரியான அளவுகோல்தானா என்ற கேள்வி நிற்கிறது. 2020 கணக்கெடுப்பில் டெக்சாஸ் மக்களில் நூற்றுக்கு 39 பேர் ஹிஸ்பானிக். அதில் குழந்தைகள் உண்டு, வண்டி ஓட்டாதவர்கள் உண்டு. ஒரு குறிப்பிட்ட நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகளில் பாதி வேறு மாநிலத்திலிருந்து வருவதாக இருக்கலாம். சாலையில் யார் எவ்வளவு நேரம், எவ்வளவு வேகமாக ஓட்டுகிறார்கள் என்ற கணக்கு யாரிடமும் இல்லை.

இதைத் தாண்டுவதற்கு க்ரோகர், ரிட்ஜ்வே என்ற இரு ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் நகரப் பதிவுகளைக் கொண்டு 2006-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வழியைக் கையாண்டார்கள். இருள் திரை என்று அந்தச் சோதனையைச் சொல்வார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனை இது. மாலை ஏழு மணியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் ஜூன் மாதம் அந்நேரம் நல்ல வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் இருட்டிவிடும். ஏழு மணிக்கு வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் இரண்டு மாதங்களிலும் ஏறத்தாழ அதே ஆட்கள்தான். வெளிச்சத்தில் ஓட்டுநரின் முகம் தெரியும், இருட்டில் அவ்வளவாகத் தெரியாது. முகம் தெரியும்போது நிறுத்தப்படுகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு கூடுதலாகவும், அதே மணியில் முகம் தெரியாதபோது குறைவாகவும் இருந்தால், முகம் முடிவில் பங்கு வகிக்கிறது என்று எண்ண இடமிருக்கிறது. மக்கள்தொகை எண்ணே இதில் தேவைப்படவில்லை. ஸ்டான்ஃபோர்ட் குழு தன் பெருந்திரட்டில் இதைச் செய்து பார்த்தபோது, இருட்டிய பின் கறுப்பின ஓட்டுநர்களின் பங்கு குறைவதைக் கண்டது.

தெருவிளக்கு பிரகாசமாக இருக்கும் ஊரில் இந்தத் திரை மெல்லியதாகிவிடும். முகம் தெரியாவிட்டாலும் வண்டியின் நிலையும் அது போகும் பகுதியும் ஆளைக் காட்டிக்கொடுக்கலாம். அதைவிட முக்கியமாக, இந்தச் சோதனையும் அதே கட்டத்தை நம்பியே நிற்கிறது. இருட்டில் அதிகாரி ஹிஸ்பானிக் ஓட்டுநரை வெள்ளையர் என்று குறிப்பது அதிகமானால், யாரை நிறுத்தினார்கள் என்பதில் மாற்றமே இல்லாதபோதும் கோப்பில் மாற்றம் தெரியும்.

இவ்வளவும் போக, கைது என்பதே போலீசாரின் செயலைப் பற்றிய கணக்கு. ஒரே ஆள் ஓராண்டில் மூன்று முறை பிடிபட்டால் அட்டவணையில் மூன்று. கஞ்சா விஷயத்தில் இது பளிச்சென்று தெரியும். அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் அதைப் பயன்படுத்துவதாகக் கருத்தாய்வுகள் காட்டுகின்றன. ஆனால் கஞ்சா வைத்திருந்ததற்காகக் கறுப்பினத்தவர் கைதாகும் விகிதம், 2018 கணக்குப்படி, வெள்ளையரைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல் என்று ஏ.சி.எல்.யு. என்ற சிவில் உரிமை அமைப்பு கணக்கிட்டது. வீட்டுக்குள் புகைப்பவர் பிடிபட மாட்டார், ரோந்து அதிகமுள்ள தெருமுனையில் நிற்பவர் பிடிபடுவார்.

உங்கள் மகன் வாதாடும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். எல்லா வேறுபாடும் பதிவுப் பிழைதான் என்று அவன் சொல்லிவிடக் கூடாது. கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். கொலையானவர்களைப் போலீசும் எண்ணுகிறது, சுகாதாரத் துறையும் இறப்புச் சான்றிதழ் மூலம் தனியாக எண்ணுகிறது. இரண்டிலும் கொலையுண்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கறுப்பினத்தவர், நாட்டின் மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு 13 அல்லது 14 தான். இரு வேறு துறைகள் இரு வேறு முறையில் எண்ணி ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது, அந்தத் துயரத்தைக் குறியீட்டுத் தவறு என்று தள்ளிவிட முடியாது. தள்ளினால் பாதிக்கப்பட்ட குடும்பங்களைத்தான் தள்ளுகிறோம். அந்தச் சான்றிதழிலும்கூட இனத்தை நிரப்புகிறவர் இறுதிச் சடங்கு நிறுவனத்தார், குடும்பத்தாரிடம் கேட்டு எழுத வேண்டும். அமெரிக்கப் பழங்குடியினரில் பலர் அதில் வெள்ளையராகப் பதிவாகிவிடுகிறார்கள் என்பது நன்கு அறியப்பட்ட குறை. எனவே கறுப்பினத்தவருக்கு நம்பகமாக இருக்கும் அதே ஆவணம், பழங்குடியினருக்கு அவ்வளவு நம்பகமாக இல்லை. ஒரு கோப்பு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்காமல், எந்த மக்களைப் பற்றிய எந்தக் கேள்விக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கொன்றவர்களைப் பற்றிய கணக்கு இன்னும் பலவீனமானது. அண்மை ஆண்டுகளில் அமெரிக்காவில் பத்துக் கொலைகளில் ஐந்தாறில்தான் போலீசார் ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள். மீதியில் குற்றவாளியின் இனம் "தெரியவில்லை" என்ற வரியில் போகும். பகிரப்படும் படங்களில் முதலில் காணாமல் போவது இந்த வரிதான். அதை நீக்கிவிட்டு மிச்சத்தை நூறாக்கிச் சதவீதம் போட்டால், கண்டுபிடிக்கப்படாதவர்களும் கண்டுபிடிக்கப்பட்டவர்களைப் போலவே இருப்பார்கள் என்று யாரும் கேட்காமலேயே முடிவு செய்தாகிவிடுகிறது. எந்தப் பகுதியில் சாட்சிகள் போலீசிடம் பேசத் தயங்குகிறார்கள், எந்தக் குடும்பத்தின் வழக்குக்கு எத்தனை துப்பறிவாளர்கள் ஒதுக்கப்பட்டார்கள் என்பதெல்லாம் அந்தச் சதவீதத்துக்குள் ஒளிந்துகொள்கின்றன.

அரசுக் கணக்கை எப்படி மறுப்பது என்று கேட்டிருந்தீர்கள். மறுக்க வேண்டியதில்லை, அது எதை எண்ணியது என்று சரியாகச் சொன்னால் போதும். குழுவில் எழுதியவரிடம், அந்தக் கட்டத்தை நிரப்பியது யார், ஓட்டுநரா அதிகாரியா என்று பண்பாகக் கேளுங்கள். ஹிஸ்பானிக் மக்கள் எந்த வரியில் இருக்கிறார்கள் என்றும், "தெரியவில்லை" என்ற வரி எங்கே போயிற்று என்றும் கேளுங்கள். நான் ஒரு கோப்பைத் திறந்தால் எண்களுக்குப் போவதற்கு முன் அதன் குறியீட்டு விளக்கத்தைத்தான் படிப்பேன், ஒவ்வொரு பத்தியையும் யார், எப்போது, எந்தப் பட்டியலிலிருந்து நிரப்பினார்கள் என்று அதில் இருக்கும். அது இல்லாத படத்தை வைத்து ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றி முடிவு சொல்லத் துணிய மாட்டேன்.

உங்கள் மகனுக்கு ஒரு வேலை சொல்கிறேன். டெக்சாஸில் போக்குவரத்து நிறுத்தங்களைச் செய்யும் ஒவ்வொரு காவல்துறையும் இந்தக் கணக்கை ஆண்டறிக்கையாகத் தர வேண்டும் என்பது சட்டம், உங்கள் நகரக் காவல்துறையும் தருகிறது. அதில் இனவாரி எண்ணிக்கையோடு, வண்டியை நிறுத்துவதற்கு முன்பே ஓட்டுநரின் இனம் அதிகாரிக்குத் தெரிந்திருந்ததா என்ற கேள்விக்கும் ஆம், இல்லை என்று பதில் இருக்கும். அதையும் நிரப்புகிறவர் அதே அதிகாரிதான். அடுத்தடுத்த சில ஆண்டுகளின் அறிக்கைகளை எடுத்து, ஒவ்வோர் இனத்திலும் நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை, அவர்களில் சோதிக்கப்பட்டவர்கள் எத்தனை, சோதனையில் ஏதேனும் சிக்கியது எத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஓர் இனத்தாரை அதிகம் சோதித்து, சிக்குவது மட்டும் குறைவாக இருந்தால், அவர்களைச் சோதிக்கக் குறைந்த சந்தேகமே போதுமாக இருந்திருக்கலாம். பிறகு மேலே நான் போட்ட கணக்கைப் போல, சில பேரை ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு நகர்த்தி, முடிவு எந்த இடத்தில் புரள்கிறது என்று பார்க்கட்டும். எத்தனை பேரை நகர்த்தினால் புரள்கிறது என்ற அந்த எண்ணை எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள், நானும் அதே அறிக்கைகளை எடுத்துச் சரிபார்த்து எழுதுகிறேன்.